தொண்ணூறு கிலோமீட்டர்

ரைன் நதியின் நீளம் 1320 கிலோமீட்டர் என்று ஜெர்மனியில் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கலைக்களஞ்சியங்களில் அதுதான் இருந்தது. பாடநூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் அரசுத் துறைகளின் வெளியீடுகளிலும்கூட அதுவே இருந்தது. 2010 மார்ச்சில் மியூனிக்கிலிருந்து வரும் ‘ஸூட்டாய்ச்செ ட்ஸைட்டுங்’ நாளிதழ் ஒரு செய்தி வெளியிட்டது. கொலோன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ப்ரூனோ க்ரேமர் என்ற உயிரியலாளர், ரைன் பற்றிய புத்தக வேலைக்காகப் பழைய நூல்களைப் புரட்டியபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த நூல்கள் எல்லாம் ஏறத்தாழ 1230 என்றே சொல்வதைக் கவனித்திருக்கிறார். பிறகு வந்தவை 1320 என்கின்றன. நடுவில் நதி தொண்ணூறு கிலோமீட்டர் வளர்ந்துவிடவில்லை.

மாற்றம் எங்கே தொடங்கியது என்று அவர் தேடிப் பார்த்தார். 1932இல் வந்த ‘க்னௌர்ஸ் லெக்சிகோன்’ என்ற கலைக்களஞ்சியத்தில் 1320 தோன்றுகிறது. அடுத்த ஆண்டே ‘ப்ரோக்ஹவுஸ்’ அதை ஏற்றுக்கொண்டது. ஜெர்மன் வீடுகளில் ப்ரோக்ஹவுஸுக்கு இருந்த இடம் பெரியது. நம் வீடுகளில் ஒரு சொல்லுக்குப் பொருள் தகராறு வந்தால் அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவார்களே, அதுபோல எந்தத் தகராறுக்கும் அவர்கள் ப்ரோக்ஹவுஸைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் ஏறிய எண் ஊரெல்லாம் பரவியதில் வியப்பில்லை. யாரோ ஒருவர் 1230 என்று எழுத நினைத்து, நடு இலக்கங்கள் இரண்டையும் இடம் மாற்றி 1320 என்று எழுதிவிட்டார் என்பது க்ரேமரின் ஊகம்.

நான் பிழைப்புக்குச் செய்வது தரவு இடமாற்றம். ஒரு நிறுவனத்தின் பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்குக் கணக்குகளையும் பெயர்களையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை. எங்கள் தொழிலிலும் கணக்கர்களிடமும் ஒரு பழைய சூத்திரம் உண்டு. இரண்டு தொகைகள் ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் வகுபட்டால், எங்கோ அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. 54 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 1320இலிருந்து 1230ஐக் கழித்தால் 90. ஒன்பதால் வகுபடும் வித்தியாசங்கள் வேறு காரணங்களாலும் வரும் என்பதால் இது சாட்சியம் ஆகாது, எங்கே தோண்டலாம் என்று காட்டும் குறி மட்டும்தான். ஆனால் கார்ல்ஸ்ரூவவில் முதுகலை படித்து, பதினெட்டு ஆண்டுகளாக இந்த நதிக்கரை ஊர்களிலேயே குடியிருப்பவன் என்ற முறையில், அந்தக் குறியை விட்டுவிட மனம் வரவில்லை. தோண்டிப் பார்த்தேன்.

என்னை உறுத்திய கேள்வி, பிழை எப்படி நுழைந்தது என்பதல்ல. அது எவருக்கும் நேரும். எண்பது ஆண்டுகள் எப்படி மாட்டிக்கொள்ளாமல் இருந்தது என்பதுதான். ஐரோப்பாவில் ரைனைப் போல அங்குலம் அங்குலமாக அளக்கப்பட்ட நதி குறைவு. அதன் கரையில் கிலோமீட்டருக்கு ஒரு பலகை நிற்கிறது. சரக்குப் படகு ஓட்டுபவர்கள் ஒருவருக்கொருவர் இடம் சொல்வது ஊர்ப்பெயரால் அல்ல, அந்த எண்ணால்தான். கோன்ஸ்டன்ஸ் நகரத்துப் பாலத்தின் நடுவில் சுழியம். அங்கிருந்து நீரோட்டத்தோடு கூடிக்கொண்டே போய், நெதர்லாந்தில் ஹூக் ஃபான் ஹாலந்து என்ற இடத்தில், கடலோரத்தில், 1036இல் முடிகிறது. இந்த ஒரே தொடரான எண்ணிடல் 1939இல் வந்தது. அதற்குமுன் பாடன், பவேரியா, ஹெஸ்ஸன், பிரஷ்யா என்று ஒவ்வோர் அரசும் தன் எல்லைக்குள் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருந்தது.

இந்த 1036ஐ வைத்தே 1320ஐச் சோதித்துவிடலாம். பேனாவும் காகிதமும் போதும். கோன்ஸ்டன்ஸுக்குக் கீழே 1036 என்றால், மொத்தம் 1320 ஆவதற்குக் கோன்ஸ்டன்ஸுக்கு மேலே 284 கிலோமீட்டர் இருக்கவேண்டும். மேலே என்ன இருக்கிறது? சுவிட்சர்லாந்தின் ஓபரால்ப் கணவாய்க்கு அருகே, 2345 மீட்டர் உயரத்தில், தோமாஸே என்ற சிறு ஏரி. அங்கிருந்து ஃபோர்டர்ரைன், அதாவது முன்ரைன், ரைஷெனௌ என்ற ஊர்வரை ஓடுகிறது. 75 கிலோமீட்டர் அளவில். ரைஷெனௌவில் ஹின்டர்ரைன் என்ற பின்ரைன் வந்து சேர, அங்கிருந்து போடன்ஸே ஏரிவரை ஓடுவது ஆல்ப்ஸ் ரைன். 90 கிலோமீட்டர் அளவில். பிறகு ஏரிக்குள் நுழைந்து கோன்ஸ்டன்ஸ் பாலம்வரை முப்பது சொச்சம். கூட்டினால் 200ஐ ஒட்டி வருகிறது. எவ்வளவு தாராளமாக அளந்தாலும் 284 வராது. ஏரியை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை முழுசாகச் சேர்த்தாலும் அதன் நீளமே 63 கிலோமீட்டர்தான்.

ஆக, 1939க்குப் பிறகு இந்தக் கூட்டலை எவரும் ஐந்து நிமிடத்தில் போட்டிருக்கலாம். போடவில்லை. ஏன் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் சற்று விசித்திரமானது. நதிகளின் நீளம் நூலுக்கு நூல் மாறும் என்பது புவியியல் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. அந்த நியாயமான காரணங்களின் நிழலில்தான் இந்த நியாயமில்லாத பிழை உட்கார்ந்துகொண்டது. ஒருவர் 1230 என்கிறாரா, இன்னொருவர் 1320 என்கிறாரா, சரி, வேறு இடத்திலிருந்து அளந்திருப்பார்கள் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்கள். எனவே அந்த நியாயமான காரணங்கள் ஒவ்வொன்றும் ரைனை எத்தனை கிலோமீட்டர் நகர்த்த முடியும் என்று பார்ப்பதுதான் சரியான சோதனை.

முதலில் தொடக்கம். ஒரு நதிக்கு ஒரே பிறப்பிடம் என்பது நம் ஆசை. மழை பெய்யும் மலைக்கு அப்படி ஒரு விதி கிடையாது. நூறு ஓடைகள் இறங்கி வருகின்றன, ஒவ்வொரு கூடலிலும் எதை ஆறு என்பது, எதைத் துணையாறு என்பது என்று ஒருவர் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வழக்கமாக மூன்று விதிகள் சொல்வார்கள். முகத்துவாரத்திலிருந்து மிகத் தொலைவில் உள்ள ஊற்றுதான் மூலம் என்பது ஒன்று. அதிக நீர் கொண்டுவரும் கிளையைப் பின்தொடர்ந்து போ என்பது மற்றொன்று. மூன்றாவது விதியை எழுதிவைத்தவர் யாருமில்லை, ஆனால் நடைமுறையில் வெல்வது அதுதான். மக்கள் எந்தக் கிளையை அந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அதுவே நதி.

ரைனில் இந்த மூன்றும் மூன்று வழியில் போகின்றன. பெயரும் மரபும் தோமாஸே ஏரிக்குக் கொண்டுபோகின்றன. கணவாயில் சிவப்பு நிறத்தில் ஒரு கலங்கரை விளக்கம்கூட வைத்திருக்கிறார்கள். ஹூக் ஃபான் ஹாலந்தில் முன்பு நின்ற விளக்கின் சிறிய நகல் அது. கடலுக்குச் சம்பந்தமில்லாத மலையுச்சியில் கலங்கரை விளக்கத்தைப் பார்ப்பது வேடிக்கையான காட்சிதான். ஆனால் தொலைவு விதியின்படி பார்த்தால் மூலம் அங்கே இல்லை. ஃபோர்டர்ரைனில் வந்து விழும் ரைன் த மெடெல் என்ற ஓடை தெற்கே, இத்தாலிய மொழி பேசும் டிச்சினோ மாநிலத்துக்குள் தொடங்குகிறது. அதைப் பிடித்துக்கொண்டு போனால் நதி ஆறு கிலோமீட்டர் அளவுக்கு நீள்கிறது. ஹின்டர்ரைன் வழியே போனால் சில கிலோமீட்டர் குறையும்.

நீரளவு விதிதான் பெரிய குழப்பம். கோன்ஸ்டன்ஸுக்குக் கீழே சுமார் நூறாவது கிலோமீட்டரில், சுவிட்சர்லாந்திலுள்ள கோப்லென்ஸ் என்ற சிற்றூரில், ஆர என்ற ஆறு ரைனோடு கலக்கிறது. ஜெர்மனியின் பெரிய கோப்லென்ஸ் வேறு. இந்தக் கூடலில் சராசரியாக ரைனைவிட ஆரயில்தான் நீர் அதிகம். நீரை வைத்துத் தீர்ப்புச் சொன்னால், ரைன்தான் ஆரயில் வந்து சேரும் துணையாறு. பாசல், ஸ்ட்ராஸ்பூர்க், கொலோன், ரோட்டர்டாம் எல்லாம் ஆர நதிக்கரை நகரங்கள். இதைக் கேட்டால் எந்த ஜெர்மானியரும் சிரிப்பார். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்த்தால் நமக்கு வேண்டிய விஷயம் ஒன்று கிடைக்கிறது. ஆரயின் நீளம் 290 கிலோமீட்டர் அளவு, கூடலிலிருந்து கடல்வரை 934. மொத்தம் 1225ஐ ஒட்டி வருகிறது. அதாவது, நதியின் அடையாளத்தையே மாற்றிவிடும் இவ்வளவு பெரிய முடிவுகூட நீளத்தைப் பத்துக் கிலோமீட்டர்கூட நகர்த்தவில்லை. தொடக்கத்தை எப்படி மாற்றினாலும் தொண்ணூறு கிடைக்காது.

அடுத்து முடிவு. நெதர்லாந்துக்குள் நுழைந்ததும் ரைன் கிளை பிரிகிறது. நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வால் என்ற கிளையில் போய்விடுகிறது. மீதி, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய பானர்டன் கால்வாய் வழியாக வடக்கே திரும்புகிறது. ரைன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருப்பது இந்தச் சிறிய கிளையில்தான், கீழ்ரைன் என்று. அதுவும் கொஞ்சதூரம் போய் லெக் என்று பெயர் மாறுகிறது. அங்கிருந்து பிரியும் ஒரு மெல்லிய ஓடை மட்டும் கோணல் ரைன், பழைய ரைன் என்று அந்தப் பெயரைச் சுமந்துகொண்டு உட்ரெக்ட், லைடன் நகரங்கள் வழியாக காட்வைக் என்ற இடத்தில் மதகு வழியே கடலைச் சேர்கிறது. ரோமானியர் காலத்தில் அவர்களுடைய பேரரசின் வடக்கு எல்லையாக இருந்த பெரிய ஆறு அதுதான். இன்று லைடனில் அதன்மேல் உல்லாசப் படகுகள் மிதக்கின்றன.

திருச்சிப் பக்கத்துக்காரனுக்கு இது புதிதல்ல. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரியும்போது வடக்கே போகும் கொள்ளிடம் அகலமானது, தாழ்வானது. வெள்ளம் வந்தால் பெரும்பகுதி அதில்தான் போகும். ஆனால் பெயர் தெற்குக் கிளையிலேயே தங்கிவிட்டது. அது கல்லணை தாண்டி, கிளை கிளையாகப் பிரிந்து வயல்களுக்குத் தன்னைக் கொடுத்துவிட்டு, பூம்புகாரில் கடலைச் சேரும்போது ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. காவிரியின் முடிவு பூம்புகாரா, கொள்ளிடம் கடலில் விழும் பழையாறுப் பக்கமா என்று ஒரு நீரியல் பொறியாளரிடம் கேட்டால் ஒரு பதில் வரும், ஆடிப்பெருக்குக்குப் போகிறவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டும் தவறில்லை.

ரைனின் அதிகாரபூர்வமான முடிவு, பெயரும் சேராத, இயற்கையும் சேராத ஓரிடம். ஹூக் ஃபான் ஹாலந்தில் கடலைத் தொடுவது ‘புதிய நீர்வழி’ என்ற கால்வாய். ரோட்டர்டாம் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வந்துபோவதற்காக 1866க்கும் 1872க்கும் இடையில் மணல்மேட்டை வெட்டித் திறந்தது. அந்தக் காலத்துக்கு முன் அங்கே முகத்துவாரமே கிடையாது. கப்பல்கள் எந்த வழியில் போகின்றனவோ அந்த வழியில் கிலோமீட்டர் பலகைகளை நட்டார்கள், அது நதியின் நீளம் ஆகிவிட்டது. காட்வைக்கில் முடித்தாலும் வால் வழியாக இறக்கினாலும் வித்தியாசம் வரும்தான். ஆனால் கிளை பிரியும் இடத்திலிருந்து கடல்வரை மொத்தத் தூரமே 170 கிலோமீட்டர் அளவு. எந்தக் கிளையிலும் கூடுதலாகத் தொண்ணூறு கிலோமீட்டர் ஒளிந்திருக்க இடமில்லை.

மூன்றாவது காரணம் அளவுகோல். இதுதான் மூன்றிலும் நுட்பமானது. ஆற்றின் நீளத்தை யாரும் நாடா பிடித்து அளப்பதில்லை. வரைபடத்தில் அளக்கிறார்கள். முன்பு கவராயத்தைக் குறிப்பிட்ட அகலத்துக்குத் திறந்துவைத்துக் கோட்டின்மேல் காலடி வைப்பதுபோல நடத்திக்கொண்டே போவார்கள், அல்லது சிறு சக்கரம் வைத்த கருவியை உருட்டுவார்கள். இப்போது கணினியில் ஆற்றின் நடுக்கோட்டில் புள்ளிகளை வைத்து, புள்ளிக்குப் புள்ளி தூரத்தைக் கூட்டுகிறோம். இரண்டிலும் ஒரே சிக்கல். பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுள்ள வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். ஆறு அந்த ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு கொண்டையூசி வளைவு வளைந்து, உண்மையில் இரண்டு கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். வரைபடம் வரைபவர் அந்த மில்லிமீட்டருக்குள் அதைக் காட்ட முடியாது, நேர்கோடாக இழுத்துவிடுவார். பெரிய வரைபடத்தை எடுத்தால் வளைவு தெரியும், நீளம் கூடும். இன்னும் பெரிதாக எடுத்தால் வளைவுக்குள் வளைவு தெரியும், இன்னும் கூடும்.

இது எங்கே போய் நிற்கும்? ஹூகோ ஸ்டைன்ஹவுஸ் என்ற போலந்துக் கணிதவியலாளர் 1954இல் இதை எழுதினார். தம் நாட்டு விஸ்துலா நதியின் இடது கரையை மேலும் மேலும் துல்லியமாக அளந்துகொண்டே போனால், பள்ளி வரைபடத்தில் படிக்கும் நீளத்தைப்போலப் பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்குகூடக் கிடைக்கும் என்றார். அவர் சொன்னது கரையைப் பற்றி. ஒவ்வொரு கூழாங்கல்லையும் சுற்றிக்கொண்டு போகும் கோட்டைப் பற்றி. ஆற்றின் நடுக்கோடு அவ்வளவு மோசமில்லை. ஆற்றுக்கு ஓர் அகலம் இருக்கிறது, அந்த அகலத்தைவிடச் சிறிய நெளிவுகள் நடுக்கோட்டில் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் காட்டுக்குள் நெளிந்து ஓடும் ஒரு நதிக்கு, இரண்டு வரைபடங்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வித்தியாசம் தருவதில் எந்தத் தவறும் இல்லை. அமேசானுக்கும் நைலுக்கும் நடக்கும் நீளப் போட்டி முடியாமல் இழுத்துக்கொண்டே போவதற்குப் பாதிக் காரணம் இது.

ஆனால் ரைன் காட்டாறு அல்ல. அதை நேராக்கிவிட்டார்கள். இங்கேதான் கதை எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறது.

பாசலுக்குக் கீழே ரைன் ஒரு காலத்தில் அகன்ற சமவெளியில் நூறு தீவுகளாகப் பிரிந்து, கண்ட இடத்தில் வளைந்து ஓடியது. ஒவ்வொரு வெள்ளத்திலும் படுகை மாறும். இன்று பாடன் அரசில் இருந்த கிராமம் நாளை அக்கரையாகிவிடும். பொறியாளர் யோஹான் கோட்ஃப்ரீட் துல்லா ஒரு திட்டம் போட்டார். வளைவுகளின் கழுத்தை வெட்டி, ஆற்றை ஒரே படுகையில் நேராக ஓடவிடுவது. வேலை 1817இல் கார்ல்ஸ்ரூவவுக்குப் பக்கத்தில் தொடங்கியது. தங்கள் மேய்ச்சல் நிலம் அக்கரைக்குப் போய்விடும் என்று க்னீலிங்கன் கிராமத்தார் எதிர்க்க, வெட்டு வேலைக்குப் படைவீரர்களைக் காவல் நிறுத்த வேண்டியிருந்தது. துல்லா 1828இல் பாரிசில் இறந்துபோனார், வேலை 1876வரை நடந்தது. முடிந்தபோது பாசலிலிருந்து வோர்ம்ஸ் வரையிலான ஆறு 354 கிலோமீட்டரிலிருந்து 273 ஆகக் குறைந்திருந்தது. 81 கிலோமீட்டர் ஆற்றைக் காணோம். இந்த 273ஐ இன்றும் கரையில் சரிபார்க்கலாம். பாசலில் 170ஆம் எண் பலகை, வோர்ம்ஸில் 443. கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கூட்டிப் பாருங்கள். இன்றைய நீளம் சுமார் 1233. துல்லா வெட்டியெடுத்த 81ஐத் திரும்பச் சேர்த்தால் 1314. ஆல்ப்ஸ் ரைனில் 1900இலும் 1923இலும் செய்த இரண்டு வெட்டுகளில் இன்னொரு பத்துக் கிலோமீட்டர் போயிற்று. அதையும் சேர்த்தால் 1324. கிட்டத்தட்ட 1320!

இந்தக் கணக்கைப் போட்டபோது க்ரேமரின் ஊகமே தவறோ என்று ஒரு மாலை முழுக்கச் சந்தேகப்பட்டேன். 1320 என்பது பிழையே அல்ல, துல்லாவுக்கு முந்தைய உண்மையான நீளம், யாரோ பழைய ஏட்டிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. இவ்வளவு அழகாகப் பொருந்துவதுதான் ஆபத்து. காலவரிசையை வைத்துப் பார்த்தால் இது நிற்காது. பழைய எண் பெரியதாகவும் புதிய எண் சிறியதாகவும் இருந்தால் இந்த விளக்கம் செல்லும். நடந்தது நேர்மாறு. வேலை முடிந்து ஒரு தலைமுறைக்குப் பிறகு வந்த நூல்கள் 1230 என்று சரியாகச் சொல்கின்றன. ஆறு குறுகி ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், 1932இல், திடீரென்று பெரிய எண் வருகிறது. அதுவும் இப்போதைய நீளம் என்ற பெயரிலேயே. இலக்கம் இடம் மாறியது என்ற எளிய விளக்கமே எனக்கும் சரியாகப் படுகிறது. ஆனால் பின்னால் வந்த ஆசிரியர்கள் யாராவது சந்தேகப்பட்டிருந்தால், துல்லாவின் 81 கிலோமீட்டர் அவர்கள் வாயை அடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். காரணம் தெரிந்த வித்தியாசம் ஒன்று கையில் இருக்கும்போது, காரணம் தெரியாத வித்தியாசத்தை அதன் தலையில் கட்டிவிடுவது மிகவும் சுலபம்.

அளவுகோலுக்குத் திரும்புகிறேன். துல்லாவின் வேலைக்குப் பின் ரைனில் வரைபடம் மறைக்கக்கூடிய சிறு வளைவுகள் அதிகம் மிச்சமில்லை. கரையெல்லாம் கல் அடுக்கி ஒழுங்குபடுத்திய ஆறு. பெரிய வரைபடத்தில் அளந்தாலும் சிறியதில் அளந்தாலும் கிடைக்கும் நீளம் பெரிதாக மாறாது. 1230க்குத் தொண்ணூறு என்பது நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல். அவ்வளவு வித்தியாசத்தை அளவுகோலால் இங்கே உண்டாக்க முடியாது. ஆக, தொடக்கம், முடிவு, அளவுகோல் மூன்றும் சேர்ந்தாலும் ரைனின் நீளம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்பின் ஆகலாம். மிச்சம் முழுதும் எழுத்துப்பிழை.

கரையிலிருக்கும் பலகைகளை நான் இதுவரை சத்தியவாக்குப்போல எடுத்துக்காட்டிவிட்டேன். அவற்றிலும் ஒரு சங்கதி உண்டு. 1939இல் நான்கு அரசுகளின் எண்ணிக்கைகளை ஒரே தொடராகத் தைத்தபோது, தையல் விழுந்த இடங்களில் அளவு பொருந்தவில்லை. எல்லாக் கல்லையும் பிடுங்கி மறுபடி நடுவதற்குப் பதிலாக, அந்த இடங்களில் சில கிலோமீட்டர்களைக் குட்டையாக்கிவிட்டார்கள். பிங்கன் நகருக்குப் பக்கத்தில் 529க்கும் 530க்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர்தான். வோர்ம்ஸுக்குத் தெற்கே ரோக்ஸ்ஹைம் பக்கமும் அப்படி ஒன்று உண்டு. படகோட்டிகளுக்கு இதில் ஒரு தொந்தரவும் இல்லை. அவர்களுக்கு 530 என்பது ஒரு நீளம் அல்ல, ஒரு விலாசம். விபத்து எங்கே நடந்தது, பாறை எங்கே இருக்கிறது, எங்கே நங்கூரம் போடலாம் என்பதற்கெல்லாம் எண் மாறாமல் இருப்பதுதான் முக்கியம். தெருவில் ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீடுகளின் கதவிலக்கத்தை யாரும் மாற்றுவதில்லை. ஆனால் அந்த விலாசங்களின் கடைசி எண்ணை எடுத்து நீளம் என்று எழுதினால், சுமார் ஒரு கிலோமீட்டர் கூடுதலாக எழுதுகிறோம். என் வேலையிலும் இதே குழப்பத்தைத் தினமும் பார்க்கிறேன். அடையாளத்துக்காகக் கொடுத்த எண்ணை யாராவது அளவாக நினைத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார்கள்.

செய்தி வெளியானபோது நெதர்லாந்தின் நீர்வழித் துறை தன் பங்குக்கு அளந்து பார்த்து 1232 என்று அறிவித்தது. அதன்பின் புதிய பதிப்புகள் மெல்லத் திருந்தின. பழைய புத்தகக் கடைகளில் இன்னும் 1320 கிடைக்கிறது. என் அலமாரியில் ஒரு யூரோவுக்கு வாங்கிய எழுபதுகளின் கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது, அதில் அப்படித்தான். என் மகளின் பள்ளி வரைபட நூலில் சரியான எண். அவள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, “அப்பா, இத்தனை புத்தகம் போட்டாங்க, ஒருத்தர்கூட அளக்கலையா?” என்றாள். அளக்கவில்லை, பார்த்து எழுதினார்கள் என்றேன். பத்து நூல்கள் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்பது பத்து சாட்சிகள் அல்ல. பத்தும் ஒரே நூலைப் பார்த்து எழுதியிருந்தால் ஒரு சாட்சிதான், அதையும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஆதார் எண்ணின் கடைசி இலக்கம் எதற்கென்றால், நடுவில் இரண்டு இலக்கம் இடம் மாறினால் கணினி உடனே கண்டுபிடிப்பதற்கு. அதற்கான கணக்கு முறையை 1969இல் வகுத்தவர் வெர்ஹூஃப் என்ற நெதர்லாந்துக்காரர், ரைன் கடலில் கலக்கும் நாட்டவர். நதிகளின் நீளத்துக்கு அப்படி ஒரு கடைசி இலக்கம் கிடையாது. அதன் இடத்தில் பகுதி பகுதியாக உடைத்த கணக்குதான் உதவும். இன்ன இடத்திலிருந்து இன்ன இடம்வரை இவ்வளவு என்று சொல்லும் எண்ணைச் சோதிக்க முடியும். மொட்டையாக வரும் எண்ணைச் சோதிக்க முடியாது.

அந்தக் கண்ணோடு காவிரியைத் தேடிப் பார்த்தேன். இந்திய அரசின் ஆவணங்கள் 800 கிலோமீட்டர் என்கின்றன. உடைத்தும் தருகின்றன. தலைக்காவிரியிலிருந்து கர்நாடகத்துக்குள் 320, இரண்டு மாநிலங்களின் பொது எல்லையாக 64, தமிழ்நாட்டுக்குள் கடல்வரை 416. கூட்டினால் சரியாக வருகிறது. வேறு பல நூல்களில் 765 இருக்கிறது. அதற்கு உடைத்த கணக்கு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் 35, ஒன்பதால் வகுபடாது. அதனால் அங்கே இலக்கம் இடம் மாறவில்லை. வேறு முகத்துவாரமா, வேறு வரைபடமா என்று பார்க்கவேண்டும். 805 என்றும் ஓர் எண் பரவலாகத் திரிகிறது. அது மட்டும் உடனே பிடிபட்டுவிட்டது. 805 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 500 மைல்.